குழு லோனுக்கு வருமானத் தாள் எழுதறது எப்படி: அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் ஆரணி பக்கத்துல ஒரு கிராமம். எட்டு வருஷமா எங்க குழுவுக்கு லீடரா இருக்கேன், அக்கம்பக்கத்து குழுங்களுக்கும் லோன் பிளான் எழுதிக் குடுக்கறேன். இது மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி குடுக்கற கூட்டுப் பொறுப்பு குழு லோன் பத்தி மட்டும்தான், மகளிர் சுய உதவிக் குழு பேங்க் லிங்கேஜ் வேற கதை. எங்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை கேட்டவங்க வாய் வார்த்தையிலயே போட்டிருக்கேன். உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது 5 பேர் குழு, ஆளுக்கு 40,000.

"கம்பெனி சார் ஃபார்ம் கொண்டு வந்து அவரே ஃபில் பண்ணி கையெழுத்து வாங்கிட்டு போறாரு, நாங்க எதுக்கு தனியா பிளான் எழுதணும்?"

அவரு எழுதற தாள் லோன் பாஸ் ஆகறதுக்கு. நீங்க எழுதற தாள் உங்க குழுவுல எந்த மாசம் யாரு கை வறண்டு நிக்கும்னு உங்களுக்கே தெரியறதுக்கு. ஒருத்தி கட்டலன்னா மீதி நாலு பேர் கையைத்தான் பாப்பாங்க, அப்புறம் அவ வருமானம் நிஜமா எவ்ளோன்னு தெரியாம கையெழுத்து போடலாமா?

நான் எழுதறது ரெண்டே தாள். ஒண்ணு வருமானத் தாள், ஆளுக்கு ஒரு பக்கம், 12 மாசத்துக்கும் தனித்தனி வரி. இன்னொண்ணு கட்டின தாள், போன ஒரு வருஷமா யாரு எந்த தேதியில டியூ கட்டினாங்க, யாருக்காக யாரு போட்டாங்கன்னு. ஹவுஸ் விசிட் வர்ற அன்னைக்கு ரெண்டையும் எடுத்து வச்சிருங்க. சார் எழுதற வருமானமும் நீங்க எழுதினதும் ஒத்துப் போகலன்னா அங்கயே சொல்லுங்க, ஏன்னா அவரு எழுதற நம்பர் சிபில் மாதிரி கம்பெனிங்களுக்கும் போகுது, நாளைக்கு வேற லோனுக்கு போனா அதையும் வச்சு கேப்பாங்க.

"40 ஆயிரம், 24 மாசம், 24 பர்சன்ட்னு சொன்னாங்க. மாசம் எவ்ளோ வரும்?"

குறையும் வட்டின்னா மாசம் 2,115 வரும். மொத்தம் கட்டறது 50,760, அதுல வட்டி மட்டும் 10,760. முதல் மாசம் கட்டற 2,115ல 800 ரூபா வட்டிக்கு போயிடும், 1,315 தான் அசல்ல கழியும், போகப் போக வட்டி குறைஞ்சு அசல் அதிகமாகும். இதே 24 பர்சன்ட்டை ஃப்ளாட்டா, அதாவது கடைசி வரைக்கும் முழு 40,000க்கும் போட்டா மாசம் 2,467 ஆகும், அதனால பர்சன்ட்டை கேட்டுட்டு விட்டுடாதீங்க, மாச டியூவையும் மொத்தம் எவ்ளோ கட்டணும்ங்கறதையும் கேளுங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் உங்களுக்குப் புரியற மொழியில தந்தே ஆகணும், வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அதுல இருக்கும். அதுல இல்லாத பணத்தை யார் கேட்டாலும் குடுக்காதீங்க.

முன்னாடியே மொத்தமா கட்டி முடிச்சா அபராதம் கிடையாது. லேட் ஆனா அபராதம் நின்னுபோன தொகைக்கு மட்டும்தான், மொத்த லோனுக்கும் போடக்கூடாது.

"எங்க வீட்ல ஒரு மாடு, 8 லிட்டர் கறக்குது. 8 லிட்டர், 35 ரூபா, 30 நாள், 8,400னு எழுதினா சரியா?"

இல்ல. நான் பாத்த தாள்ல பாதிக்கு மேல இந்த தப்புதான். எங்க குழுவுல ஒரு பால்கார அக்கா இருக்காங்க, அவங்க கணக்கையே எடுத்துக்குவோம், நானும் அவங்களும் மாட்டுக் கொட்டாய்ல உக்காந்து போட்டது.

கன்னு போட்ட முதல் மூணு மாசம்தான் 8 லிட்டர். அடுத்த நாலு மாசம் 6, அதுக்கப்புறம் மூணு மாசம் 4, கடைசி ரெண்டு மாசம் வத்தக்கறவை, பாலே கிடையாது. வருஷத்துக்கு கூட்டினா 1,800 லிட்டர், லிட்டருக்கு 35 வச்சா 63,000.

இப்போ செலவு. புண்ணாக்கு, தவிடு, மூட்டைத் தீவனம் எல்லாம் சேத்து பால் நல்லா இருக்கும்போது ஒரு நாளைக்கு 130, அப்புறம் 110, அப்புறம் 90. பால் இல்லாத ரெண்டு மாசமும் மாடு சாப்பிடும், சினை மாடு வேற, ஒரு நாளைக்கு 60 ரூபாயாவது ஆகும். வருஷத்துக்கு 36,600. சினை ஊசி, டாக்டர், பூச்சி மருந்துன்னு ஒரு 2,400. எல்லாம் கழிச்சா கையில நிக்கறது 24,000, மாசத்துக்கு 2,000.

8,400ன்னு எழுத வந்தவங்களுக்கு நிஜத்துல 2,000. அந்த வத்தக்கறவை ரெண்டு மாசமும் வருமானம் சைபர்னு கூட சொல்ல முடியாது, மாசம் 1,800 கையை விட்டு போகுது. அந்த அக்கா தாளைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. இத்தனை வருஷம் மாடு வச்சிருக்கேன், இப்படி ஒரு நாளும் கணக்கு பாத்ததில்லன்னாங்க. மாட்டை விக்கணும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, கன்னு இருக்கு, எரு இருக்கு, வீட்டுக்கு பால் இருக்கு. ஆனா 2,115 டியூவை மாடு மட்டும் கட்டாது, வீடுதான் கட்டும், அது தெரிஞ்சு கையெழுத்து போடணும்.

"வீட்டுக்காரர் கூலியும் எழுதணுமா? லோன் என் பேர்ல தானே?"

கண்டிப்பா எழுதணும். 2022 ஏப்ரல்லருந்து ரிசர்வ் பேங்க் விதி குடும்ப வருமானத்தைத்தான் பாக்குது. குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க. வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள்ள இருந்தாதான் அது மைக்ரோ ஃபைனான்ஸ் லோன். அந்த குடும்பம் எல்லா லோனுக்கும் சேத்து மாசம் கட்டற தொகை மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாது. எல்லா லோனும்னா நகைக்கடன், வண்டி டியூ எல்லாம் சேத்துத்தான்.

அதே அக்கா வீட்டுக்கே வருவோம். அவங்க வீட்டுக்காரர் கொத்தனார், ஒரு நாளைக்கு 800, மாசம் 15 நாள் வேலைன்னு வச்சா 12,000. ஐப்பசி, கார்த்திகை மழையில 8 நாள்தான் கிடைக்கும், அப்போ 6,400. வருஷத்தை 12ஆல வகுத்தா சுமார் 11,070. மாடு 2,000, மகளிர் உரிமைத் தொகை 1,000. மொத்தம் மாசத்துக்கு 14,070 வருது, பாதி 7,035. அவங்களுக்கு ஏற்கனவே வேற கம்பெனியில 1,850 டியூ ஓடுது, புதுசு 2,115 சேத்தா 3,965. விதிப்படி தாராளமா பாஸ்.

ஆனா மாடு வத்தற ரெண்டு மாசமும் ஐப்பசி, கார்த்திகையில விழுந்தா என்ன ஆகும்னு பாருங்க. கொத்தனார் கூலி 6,400, உரிமைத் தொகை 1,000, மாட்டுக்கு செலவு 1,800. கையில 5,600. அதுல 3,965 டியூ போனா மீதி 1,635, நாலு பேர் சாப்பிடணும், ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு. இது நடக்காது. சராசரியில பாஸ் ஆன வீடு கார்த்திகையில விழுது. அதனாலதான் 12 மாசத்துக்கும் தனித்தனி வரி போடுங்கன்னு கத்தறேன், சராசரி ஒரு நம்பர் மட்டும் எழுதினா இது கண்ணுலயே படாது.

"அப்போ அந்த அக்காவுக்கு லோன் குடுக்கக்கூடாதா?"

குடுக்கலாம், அளவை மாத்தணும். நாங்க மூணு வழி பேசினோம். 40,000க்கு பதிலா 30,000 எடுத்தா டியூ 1,586 ஆகுது. இல்ல அந்த 1,850 டியூ இன்னும் அஞ்சு மாசத்துல முடியுது, அது முடியட்டும், அப்புறம் புதுசு எடுக்கலாம். மூணாவது, பால் நல்லா இருக்கற மாசத்துல எடுத்து வைக்கறது. அவங்க முதலும் மூணும் சேத்து எடுத்துக்கிட்டாங்க. 30,000 லோன், மழை ரெண்டு மாச டியூவுக்கு 3,172 வேணும், அதை மீதி 10 மாசத்துல மாசம் 320ஆ போஸ்ட் ஆபீஸ் கணக்குல போடறாங்க. பால் சொசைட்டியில பணம் வர்ற அன்னைக்கே போடறாங்க, ஏன்னா மறுநாள் வரைக்கும் அந்தப் பணம் வீட்ல இருக்காது.

மத்தவங்க 40,000 எடுத்தாங்க. குழுன்னா எல்லாரும் ஒரே தொகைதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, சில கம்பெனியில முதல் ரவுண்டுல அப்படித்தான் தருவாங்க, கேட்டுப் பாருங்க.

"மாமியாரோட முதியோர் பென்ஷன் 1,200 வருது, சேத்துக்கலாமா?"

வேணாம். மேல சொன்ன குடும்பக் கணக்குல மாமியார் வரமாட்டாங்க. ஆனா அவங்க மருந்து, சாப்பாடு உங்க வீட்டுச் செலவுலதான் இருக்கும், அதை செலவுப் பக்கம் எழுதுங்க.

"இட்லிக் கடைக்கும் தையலுக்கும் பில்லே கிடையாது, தறிக் கூலியும் கையிலதான் வருது. எப்படி காட்டறது?"

ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க, அது போதும். இட்லிக்கடை அக்கா ஒரு நாள் 1,400க்கு வியாபாரம் ஆகுதுன்னு அதையே வருமானமா சொல்லிட்டிருந்தாங்க. எழுதிப் பாத்தா அரிசி, உளுந்து, தேங்காய், காய், கேஸ், எண்ணெய் எல்லாம் 950. மீதி 450. மாசம் 24 நாள் கடை, 10,800. மழை நாள், அமாவாசை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக 24தான் வருது, 30 போடாதீங்க. நோட்டோட மளிகைக் கடை அக்கவுண்ட் சீட்டையும் வைங்க, அரிசி எத்தனை மூட்டை வாங்கறாங்கன்னு பாத்தாலே கடை நிஜமா எவ்ளோ ஓடுதுன்னு தெரிஞ்சுடும். ஜிபே வாங்கறவங்கன்னா அந்த ஹிஸ்டரியே சாட்சி.

தையல் அக்காவுக்கு தீபாவளி, பொங்கலுக்கு முன்னாடி ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிஷின் ஓடும், மார்கழி ஆரம்பத்துலயும் ஆடியிலயும் ஜாக்கெட்டே வராது. அவங்க தாள்ல 12 வரியும் 12 நம்பரா இருக்கணும். 12 வரியிலயும் ஒரே நம்பர் இருந்தா அது யோசிக்காம எழுதின தாள்.

தறிக்காரங்க வீட்ல இன்னொரு விஷயம் இருக்கு. சேலைக்கு இவ்ளோ கூலின்னு மாச கணக்கு போட்டுடறாங்க, ஆனா ஒரு பாவு முடிஞ்சு அடுத்த பாவு ஏத்தற வரைக்கும் கூலி கிடையாது, குழித்தறியில மழைத்தண்ணி ஊறினா தறியே நிக்கும். அதோட முதலாளி கிட்ட வாங்கின முன்பணம் இருக்கும், சேலைக்கு சேலை பிடிச்சுக்குவாரு. அது எந்த கம்பெனி ரிப்போர்ட்லயும் வராது, ஆனா அதுவும் கடன்தான், டியூ மாதிரி ஒரு வரி போட்டு எழுதுங்க. சீட்டு, தண்டல், மளிகைக் கடை பாக்கியும் அப்படித்தான்.

"வேற ரெண்டு கம்பெனியில லோன் இருக்கு. சொன்னா தரமாட்டாங்களே?"

சொல்லலன்னாலும் அவங்களுக்கு தெரியும். ஆதார் போட்டு க்ரெடிட் ரிப்போர்ட் எடுத்ததும் எல்லாம் வந்துடும். கம்பெனிங்க சேந்த எம்ஃபின் சங்கத்துல 2025 ஏப்ரல்லருந்து ஒருத்தருக்கு மூணு கம்பெனிக்கு மேல கூடாது, ஈடு இல்லாத லோன் பாக்கி மொத்தம் 2 லட்சத்தை தாண்டக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. மறைக்கறது கம்பெனி கிட்ட நடக்காது, குழுவுல இருக்கற மத்த நாலு பேர் கிட்டதான் நடக்கும், அதுதான் என்னை உறுத்தற விஷயம்.

எங்க குழுவுல ரூல் போட்டுட்டோம், லோனுக்கு முன்னாடி ஆளாளுக்கு ரிப்போர்ட் எடுத்து எல்லார் முன்னாடியும் வைக்கணும். ஒவ்வொரு க்ரெடிட் கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா முழு ரிப்போர்ட் தரணும், பிள்ளைங்க போன்லயே எடுத்துக் குடுத்துடுவாங்க. ஒரு தடவை எங்கள்ல ஒருத்தருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டி முடிச்ச லோன் இன்னும் பாக்கின்னே இருந்துச்சு. லோன் கார்டு கடைசிப் பக்கத்தோட புகார் போட்டு சரி பண்ணினோம். 30 நாளுக்குள்ள சரி பண்ணணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா அவங்க நமக்கு தரணும்னு விதி இருக்கு. பழைய கார்டை எல்லாம் அடுப்புல போட்டுடாதீங்க.

"ஒழுங்கா கட்டறோம்னு எப்படி காட்டறது? எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

நோட்டைக் காட்டுங்க. எங்க நோட்டு சாதாரண நீள நோட்டு, ஒரு மாசத்துக்கு ஒரு பக்கம். டியூ தேதி, ஆள், கையில கொண்டு வந்தது, குறைஞ்சது, குறைஞ்சதை போட்டது யாரு, எப்போ திருப்பிக் குடுத்தாங்க, கையெழுத்து.

இதுல முக்கியம் அந்த நடு ரெண்டு கட்டம்தான். கம்பெனி ரெக்கார்டுல குழு 12க்கு 12 கரெக்ட்டா கட்டியிருக்கும், ஒருத்தரோட டியூவை மத்தவங்க போட்டு சமாளிச்சது அங்க தெரியாது. எங்க நோட்டுல தெரியும். போன வருஷம் தையல் அக்காவோட வரி இப்படி இருந்துச்சு: 12 டியூ, 10 சொந்தமா, 2 குழு போட்டது, ரெண்டும் மார்கழியும் ஆடியும், ஒண்ணு 9 நாள்ல, இன்னொண்ணு 16 நாள்ல திரும்ப வந்துச்சு. இதைப் பாத்தா யாருக்கும் புரியும், இவங்க ஓடறவங்க இல்ல, ரெண்டு மாசம் கை வறளும், அப்புறம் குடுத்துடுவாங்க. இன்னொரு குழுவோட நோட்டுல ஒருத்தருக்கு 12ல 3 தான் குழு போட்டது, ஆனா அந்த மூணும் வரிசையா கடைசி மூணு மாசம், ஒண்ணு கூட திரும்பல. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அவங்களுக்கு புது லோன் வேணாம்னு நான் சொன்னேன், முதல்ல என்ன கஷ்டம்னு உக்காந்து பேசுங்கன்னேன். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி வேலைக்கே போகல, வெளிய சொல்ல கூச்சப்பட்டுட்டு இருந்திருக்காங்க.

குறைஞ்சதை மறைச்சு எல்லாம் சூப்பர்னு எழுதின நோட்டை அனுபவம் இருக்கற மேனேஜர் நம்பமாட்டாரு. ஒரே பேனா, ஒரே கையெழுத்துல 12 மாசமும் இருந்தா ஒரே நாள்ல உக்காந்து எழுதினதுன்னு அவருக்கு தெரியும்.

"ஒருத்தி கட்டலன்னா நாங்க கட்டியே ஆகணுமா?"

கூட்டுப் பொறுப்புன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, அதனால கம்பெனி உங்க கிட்ட கேக்கும். 2,115ஐ நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 529. ஒரு மாசம் தாங்கும், மூணு மாசம் தாங்காது. எங்க குழுவுல மாசம் ஆளுக்கு 100 போட்டு தனியா ஒரு சேமிப்பு வச்சிருக்கோம், அஞ்சு மாசத்துல 2,500 ஆச்சு, ஒரு டியூவுக்கு மேலயே வருது. முதல்ல அதுலருந்து போடறோம், அப்புறம்தான் கைக்காசு.

இன்னொண்ணு, குழு சேரும்போதே பாக்கணும். அஞ்சு பேரும் மாடு வச்சிருந்தா அஞ்சு பேரும் ஒரே நேரத்துல வறண்டு போக வாய்ப்பு அதிகம். எங்க குழுவுல பால், தறி, இட்லிக்கடை, தையல், கழனிக் கூலி. தறியும் கொத்தனார் வீடும் மழையில படுக்கும், அப்போ தீபாவளி தையல் காசு இருக்கும். கோடையில கழனி வேலை இல்ல, அப்போ இட்லிக்கடையும் தறியும் ஓடும். ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேரை சேக்காதீங்க, வீட்ல ஒரு கஷ்டம்னா ரெண்டு டியூ ஒண்ணா நிக்கும்.

"என் பேர்ல எடுத்து நாத்தனாருக்கு குடுக்கலாமா? அவ கரெக்ட்டா கட்டிடுவா"

குடுக்காதீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவுலயே இது நடந்துச்சு, எனக்கு தெரிஞ்சும் நான் வாய் திறக்கல. ஆறு டியூ வந்துச்சு, அப்புறம் அந்த பொண்ணு பெங்களூரு போயிட்டா. 18 டியூ பாக்கி, பேர் இருந்தவங்க கம்மலை அடகு வச்சாங்க, நாங்க நாலு பேரும் மாசாமாசம் போட்டோம். அவங்க வருமானத் தாள்ல அவங்க வீட்டுக் கணக்குதான் இருந்துச்சு, பணம் போன வீட்டுக் கணக்கை யாருமே பாக்கல. அதுக்கப்புறம்தான் நோட்டுல ஒரு வரி சேத்தோம்: பணம் எதுக்கு, யார் கையில. லோன் வந்து ஒரு மாசத்துல எல்லாரும் போய் பாக்கறோம், மாடு வாங்கினேன்னா மாடு கட்டியிருக்கணும்.

"டியூ நின்னா வீட்டுக்கு வந்து ராத்திரி வரைக்கும் உக்காந்துக்கறாங்க"

கூடாது. டியூ வாங்கறது ரெண்டு தரப்பும் பேசி வச்ச பொது இடத்துலதான். தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ அங்க வராம இருந்தாதான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். காலையில 9க்கு முன்னாடியும் சாயந்திரம் 6க்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது, திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, சொந்தக்காரங்களை தொந்தரவு பண்ணக்கூடாது. முதல்ல லோன் கார்டுல இருக்கற கம்பெனி புகார் நம்பர்ல சொல்லி எழுத்துல குடுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in ல போடுங்க, எப்படி போடறதுன்னு தெரியலன்னா 14448க்கு போன் பண்ணுங்க.

"டியூ தேதியை நாம சொல்லலாமா?"

கேளுங்க, முதல் மீட்டிங்லயே கேளுங்க, லோன் ஏறினதுக்கு அப்புறம் மாத்தறது கஷ்டம். எங்களுக்கு முதல்ல 5ஆம் தேதி போட்டாங்க. உரிமைத் தொகை 15ஆம் தேதி வாக்குல வருது, எங்க சொசைட்டி பால் பணம் அதை ஒட்டி வருது. 5ஆம் தேதின்னா அஞ்சுல மூணு பேர் கையில ஒண்ணும் இருக்காது. வருமானத் தாள்ல யாருக்கு எந்த தேதி காசு வருதுன்னு ஒரு கட்டம் போட்டு மேனேஜர் கிட்ட காட்டினோம், அவரு பாத்துட்டு 18ஆம் தேதிக்கு மாத்திக் குடுத்தாரு. அந்த மாசத்துலருந்து நோட்டுல குறைஞ்சது கட்டம் பெரும்பாலும் காலியாத்தான் இருக்கு.